வாந்தி, காய்ச்சலுக்குப் பிறகு ஒரு சிறுநீரக அறிக்கை



இன்று மாலை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு அதைப் பொறுமையாகப் படிக்கப் போகிறோம். அதில் ஐந்தே வரிகள்: யூரியா, சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கிரியாட்டினின். நம் மலேசிய அரசு மருத்துவமனைகளில் இதை ‘ரீனல் புரோஃபைல்’ என்பார்கள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு கிளினிக்கில் போய் நின்றால் ‘கிட்னி டெஸ்ட்’ என்றே பேர். காய்ச்சலும் வாந்தியுமாக வருகிறவருக்கு இதை எடுப்பது வழக்கம். தாள் கைக்கு வந்ததும் யூரியாவுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்று ஓர் எழுத்து இருக்கும். அதைப் பார்த்த குடும்பம் ‘கிட்னி போயிடுச்சா டாக்டர்?’ என்று கலங்கிப்போகும். பெரும்பாலும் கிட்னி போயிருக்காது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வது, யூரியாவையும் கிரியாட்டினினையும் ஒப்பிடும் கணக்கு எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் இருக்கிறார், வயது 62, சிறிய உடல்வாகு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறார். இவர் ஒரு தனி ஆள் அல்லர். டிங்கி காலத்தில் வார்டுக்கு வருகிற பலரைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்டவர். எண்களும் நான் இட்டவை, ஆனால் இப்படிப்பட்ட எண்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம். ஏன் டிங்கியைச் சொல்கிறேன் என்றால், இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காய்ச்சல் என்றாலே முதலில் நினைக்க வேண்டியது அதுதான். 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 130,000 பேருக்கு மேல் டிங்கி பதிவானது, 182 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு பட்டியலில் முதல் இடம் பெரும்பாலும் சிலாங்கூருக்கே.

இந்த அம்மாவுக்கு இன்று காய்ச்சலின் மூன்றாம் நாள். இரண்டு நாளாக எது குடித்தாலும் வாந்தி. கஞ்சி இறங்கவில்லை, மாத்திரைகளை மட்டும் விடாமல் விழுங்கியிருக்கிறார். காலையில் ஒருமுறை சிறுநீர் போனார், அதுவும் கொஞ்சமாக, அடர்ந்த மஞ்சளாக. தாளில் இருப்பது இது: யூரியா 10.8 மில்லிமோல், சோடியம் 132, பொட்டாசியம் 3.3, குளோரைடு 92, கிரியாட்டினின் 82 மைக்ரோமோல். எல்லாம் ஒரு லிட்டருக்கு. கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் எந்த எழுத்தும் இல்லை, ஏனென்றால் பெண்களுக்கு அந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் மேல் எல்லை 84. யூரியாவுக்கு மட்டும் ‘எச்’.

இப்போது கணக்கு. யூரியாவை ஆயிரத்தால் பெருக்குங்கள், அப்போதுதான் இரண்டும் மைக்ரோமோல் ஆகும். 10,800. அதை 82ஆல் வகுத்தால் ஏறக்குறைய 132. சாதாரணமாக நன்றாகச் சாப்பிட்டுக் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த விகிதம் 40க்கும் 100க்கும் நடுவில் நிற்கும். 100ஐத் தாண்டினால், சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்திருக்கிறது, சிறுநீரகம் அதற்கு ஏற்பத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று சந்தேகப்பட இடம் உண்டு. 40க்குக் கீழே போனால் சிறுநீரகத் திசுவே பழுதாகியிருக்கலாம் என்று பார்ப்போம். கல்லீரல் நோயிலும் பல நாள் பட்டினியிலும்கூட அப்படிக் குறையும்.

ஏன் யூரியா மட்டும் இப்படி முந்திக்கொண்டு ஏறுகிறது? இதுதான் இந்தப் பேச்சின் உயிர்நாடி, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றரை இரண்டு லிட்டர்தான். மீதி எல்லாம் நுண்குழாய்களின் வழியே ரத்தத்துக்கே திரும்புகிறது. யூரியா, நாம் சாப்பிடும் புரதமும் உடம்பின் சொந்தப் புரதமும் சிதையும்போது கல்லீரலில் உண்டாகும் கழிவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவில். இரண்டும் வடிகட்டியில் தாராளமாக இறங்கிவிடும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். கிரியாட்டினின் ஒருமுறை குழாய்க்குள் இறங்கினால் திரும்பி வராது. நேரே சிறுநீரோடு போய்விடும். யூரியா அப்படியில்லை. தண்ணீர் திரும்பும்போது அதோடு யூரியாவும் திரும்பும். சாதாரண நாளிலேயே இறங்கிய யூரியாவில் பாதியளவு திரும்பி வந்துவிடுகிறது.

உடம்பு வற்றும்போது என்ன ஆகிறது? ரத்தத்தின் அளவு குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்ததும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் கிளம்புகிறது. குழாயின் முதல் பகுதி முன்னைவிட அதிகமாக உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்கிறது, யூரியா பின்னாலேயே வருகிறது. மூளைக்கு அடியிலிருந்து வாசோபிரெசின் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. அது குழாயின் கடைசிப் பகுதியில் தண்ணீருக்கும் யூரியாவுக்கும் தனித்தனி வழிகளைத் திறந்துவிடுகிறது. குழாயில் ஓட்டம் மெதுவாகிவிட்டதால் யூரியா திரும்புவதற்கு நேரமும் அதிகம் கிடைக்கிறது. ஆக, வடிகட்டும் வேகம் சிறிதே குறைந்திருக்கும்போதே யூரியா நன்றாக ஏறிவிடுகிறது. கிரியாட்டினினோ வடிகட்டும் வேகம் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குத்தான் ஏறும். விகிதம் உயர்வது சிறுநீரகம் செயலிழந்ததால் அல்ல. அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருப்பதால்தான் உயர்கிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காய்ச்சல் இதற்கு மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. காய்ச்சலில் உடம்பு தன் புரதத்தையே உடைக்கிறது, யூரியா உற்பத்தி கூடுகிறது. சூடு ஒரு டிகிரி ஏறும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் நீரும் பத்து சதவீதத்துக்குச் சற்று மேலே கூடும். அப்படியென்றால் 132 என்ற விகிதத்தில் எவ்வளவு வாந்தியால், எவ்வளவு காய்ச்சலால் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ‘விகிதம் 132, ஆகவே இத்தனை லிட்டர் ஏற்று’ என்று எந்த மருத்துவரும் கணக்குப் போடுவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அது கைகாட்டும். எவ்வளவு என்பதற்கு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நாக்கு, கைகால் சூடு, சிறுநீர் அளவு, எடை இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வறட்சியில் யூரியா ஏறுவது இன்று கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1831இன் கடைசியில் இங்கிலாந்தின் வடகிழக்கில் காலரா பரவியபோது, வில்லியம் ஓஷாக்னசி என்ற 22 வயது மருத்துவர் அங்கே போய் நோயாளிகளின் ரத்தத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். ரத்தம் பெருமளவு தண்ணீரையும் உப்பையும் இழந்திருந்தது. சிறுநீர் நின்றுபோனவர்களின் ரத்தத்தில் யூரியாவும் இருந்தது. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்புதான், 1828இல், வோலர் என்பவர் யூரியாவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியிருந்தார். ஓஷாக்னசியின் கண்டுபிடிப்பைப் படித்த தாமஸ் லாட்டா 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் உப்பு நீரை நரம்பு வழியே ஏற்றிக் காட்டினார். இன்று வார்டில் தொங்கும் டிரிப்புக்கு அதுதான் தொடக்கம். ஓஷாக்னசி அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அந்த வங்காள மண்ணில்தான் 1971இல் பங்காவ் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், டிரிப் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். நாம் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த முகாம்.

மறுபடி நம் அம்மாவிடம் வருவோம். தாளில் கிரியாட்டினின் 82, எழுத்து எதுவும் இல்லை, சரி என்று விட்டுவிடலாமா? இங்கேதான் பழைய தாள் வேண்டும். நான்கு மாதம் முன்பு சுகாதாரக் கிளினிக்கில் சர்க்கரைக்காக எடுத்த பரிசோதனையில் அவருடைய கிரியாட்டினின் 58, யூரியா 4.1. அப்போது விகிதம் 71. அதாவது ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள் இருந்தபடியே அவருடைய கிரியாட்டினின் 58லிருந்து 82க்கு, நூற்றுக்கு நாற்பது பங்கு ஏறியிருக்கிறது. கிரியாட்டினினை வைத்துத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று சொல்ல உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரையறை இரண்டு: 48 மணி நேரத்துக்குள் 26.5 மைக்ரோமோல் ஏறுவது, அல்லது ஏழு நாளில் ஒன்றரை மடங்காவது. இந்த அம்மா அந்த வாசலில் நிற்கிறார், இன்னும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. சிறிய உடம்பும் குறைந்த தசையும் உள்ள பெண்களிடம் இது அடிக்கடி நடக்கும். தாள் ‘நார்மல்’ என்று சொல்லும், ஆனால் அந்த நார்மல் அவருடையது அல்ல. பொதுமக்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது இதுவாகத்தான் இருக்கும்: பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் அது கிடைத்தால் மருத்துவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

அதே தசைக்கணக்கு விகிதத்தையும் ஏமாற்றும். படுத்த படுக்கையாக இருக்கும் மெலிந்த பாட்டிக்குக் கிரியாட்டினின் 35தான் இருக்கும். யூரியா 4.5 என்று மிகச் சாதாரணமாக இருந்தாலும் விகிதம் 129 வந்து நிற்கும். அவருக்குத் தண்ணீர் வற்றவில்லை, தசை வற்றியிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. பல நாள் எதுவும் சாப்பிடாமல் கிடந்தவருக்குக் கல்லீரலில் யூரியா உற்பத்தியே குறைந்திருக்கும். உண்மையிலேயே வற்றிப்போயிருந்தும் விகிதம் 80தான் காட்டும். பட்டினியில் ரத்தத்தில் சேரும் கீட்டோன், 1886இல் ஜாஃபே கண்டுபிடித்து இன்றும் பல இடங்களில் புழங்கும் நிறமாற்ற முறையில், கிரியாட்டினினை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். அதுவும் விகிதத்தைக் கீழே தள்ளும். ஆகவே உயர்ந்த விகிதம் ஒரு சான்று, உயராத விகிதமோ ‘வற்றவில்லை’ என்பதற்குச் சான்றாகாது.

இன்னொரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் குடும்பங்களில் இது அடிக்கடி வருகிறது. சென்னைக்கோ மதுரைக்கோ போன இடத்தில் காய்ச்சல் வந்து, அங்கே எடுத்த தாளோடு திரும்பி வருவார்கள். அதில் யூரியா 65, கிரியாட்டினின் 0.93 என்றிருக்கும். ‘இங்கே பத்துதான் இருந்தது, அங்கே அறுபத்தைந்து ஆகிவிட்டது’ என்று பயப்படுவார்கள். அது அதே ரத்தம்தான். தமிழ்நாட்டில் மில்லிகிராமில் அளக்கிறார்கள், நாம் மில்லிமோலில் அளக்கிறோம். நம் 10.8 அங்கே 65. நம் 82 அங்கே 0.93. அங்குள்ள எண்களை அப்படியே வகுத்தால் 70 வரும். அமெரிக்க முறையில் யூரியாவின் நைட்ரஜனை மட்டும் கணக்கிடுவார்கள், அப்படிப் பார்த்தால் 30ஐ 0.93ஆல் வகுத்து 32 வரும். ஒரே ரத்தத்துக்கு 132, 70, 32 என்று மூன்று விகிதங்கள். அமெரிக்கப் புத்தகங்களில் 20க்கு மேல் போனால் வறட்சி என்று போட்டிருப்பார்கள். நம் அளவில் அது சுமார் 81. எந்த அலகு என்று பார்க்காமல் இணையத்தில் படித்த எல்லையை நம் தாளின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள்.

இனி மற்ற மூன்று வரிகள். குளோரைடு 92, குறைவு. வயிற்று அமிலம் என்பது ஹைட்ரஜனும் குளோரைடும் சேர்ந்தது. வாந்தியில் அது போகப் போக ரத்தத்தில் குளோரைடு இறங்கும், ரத்தம் காரத்தன்மை அடையும். வயிற்றுப்போக்கில் கதை வேறு. அங்கே போவது பைகார்பனேட், ஆகவே குளோரைடு குறையாது, சில சமயம் கூடும். யாராவது ‘வாந்தியா, பேதியா, எது அதிகம்?’ என்று கேட்டால் அந்த ஒரு வரியே ஓரளவு பதில் சொல்லிவிடும்.

பொட்டாசியம் 3.3. வாந்தியில் பொட்டாசியம் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைப்போம். வயிற்று நீரில் பொட்டாசியம் மிகக் குறைவு. உண்மையில் அது சிறுநீரில் போகிறது. ரத்தம் காரத்தன்மை அடைந்ததும் சிறுநீரகம் மிகுதியான பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. அது தன்னோடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் தண்ணீரைப் பிடித்துவைக்கத் துடிக்கும் சிறுநீரகம் இன்னொரு பக்கம் சோடியத்தை விட்டுவிடுகிறது. இதனால் சிறுநீரில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்த்து வறட்சியைக் கண்டுபிடிக்கும் சோதனை வாந்தியில் நம்மை ஏமாற்றும். வார்டில் இளம் மருத்துவர்கள் சிறுநீர் சோடியம் 40 என்று பார்த்துவிட்டு ‘வறட்சி இல்லை’ என்று எழுதப் போவார்கள். அப்போது சிறுநீரின் குளோரைடைப் பார்க்கச் சொல்வோம். வாந்தியில் வற்றியவருக்கு அது மிகவும் தாழ்ந்திருக்கும்.

சோடியம் 132. இது சற்றே குறைவு. தண்ணீர் வற்றினால் சோடியம் ஏறத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். வெறும் தண்ணீர் மட்டும் போயிருந்தால் ஏறும். இந்த அம்மா இழந்தது உப்பும் தண்ணீரும். அதற்குப் பதிலாக வீட்டில் கொடுத்தது வெறும் தண்ணீரும் பார்லித் தண்ணீரும். வாசோபிரெசினும் உச்சத்தில் இருப்பதால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி சோடியத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டது. டிங்கியில் சோடியம் குறைவது மிகச் சாதாரணம். அதற்காகத்தான் ஓ.ஆர்.எஸ். என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி வெளியிட்ட கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல். இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் குடல் அவற்றைச் சேர்த்து உறிஞ்சுகிறது, தண்ணீர் பின்தொடர்கிறது. கடையில் விற்கும் ஐசோடோனிக் பானங்களில் சர்க்கரை இதைவிட அதிகம், சோடியம் மிகக் குறைவு. ஓ.ஆர்.எஸ். கிடைக்காத நேரத்தில் கைகொடுக்கும், ஆனால் அதற்கு ஈடாகாது. சர்க்கரை நோயாளிக்கு இன்னும் யோசித்துக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்கிறவருக்கு ஒரு டம்ளரை நீட்டினால் அடுத்த நிமிடம் வெளியே வந்துவிடும். ஒரு தேக்கரண்டி, ஓரிரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஒரு தேக்கரண்டி. கூடவே உட்கார்ந்து ஊட்ட ஓர் ஆள் வேண்டும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவுதான், குறைத்தும் கூட்டியும் கலக்கக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த அம்மா விடாமல் விழுங்கிய பெரிண்டோபிரில் நல்ல மருந்து. சாதாரண நாளில் சிறுநீரகத்தைக் காப்பதே அதுதான். ஆனால் உடம்பு வற்றிய நேரத்தில் வடிகட்டும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது ஆஞ்சியோடென்சின். அந்தக் கையையே இந்த மருந்து தட்டிவிடுகிறது. உடம்பு வலிக்கு என்று கிளினிக்கில் கேட்டு வாங்கும் மெஃபெனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் ஊசி போன்றவை வடிகட்டிக்குள் ரத்தம் வரும் வாசலைச் சுருக்கிவிடும். டிங்கியில் அவை ரத்தக்கசிவையும் தூண்டும். இரண்டும் சேர்ந்தால் வறட்சி மட்டுமே இருந்த இடத்தில் உண்மையான சிறுநீரகப் பாதிப்பு வந்துவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். வாந்தி, பேதி நிற்காத நாட்களில் பிரஷர் மருந்து, நீர்பிரிய வைக்கும் மாத்திரை, மெட்ஃபார்மின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள் ஆகியவற்றை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தியதை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

இந்த அம்மாவை வார்டில் சேர்த்தார்கள். டிங்கியில் நிற்காத வாந்தி என்பதே எச்சரிக்கை அறிகுறி, எண்களைப் பார்க்காமலேயே சேர்த்திருக்கலாம். அளந்து டிரிப் ஏற்றினார்கள். மறுநாள் யூரியா 7.1, கிரியாட்டினின் 66, விகிதம் 108. அதற்கும் மறுநாள் 4.9, 60, விகிதம் 82. நோயை உறுதி செய்வது முதல் தாள் அல்ல. தண்ணீர் கொடுத்த பிறகு ஓரிரு நாளில் யூரியாவும் கிரியாட்டினினும் இரண்டுமே இறங்குவதுதான் ‘இது வறட்சிதான்’ என்பதற்கு உறுதி.

இரண்டுமே இறங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறொரு போக்கை வைத்துப் பாருங்கள். இதே அம்மா இரண்டு நாள் தாமதமாக வந்தார், ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. யூரியா 16, கிரியாட்டினின் 210. விகிதம் 76. முன்பு 132 இருந்தது, இப்போது 76, எல்லைக்குள் வந்துவிட்டது என்று யாராவது நிம்மதி அடைந்தால் அது மிகப் பெரிய ஆபத்து. விகிதம் இறங்கியது யூரியா குறைந்ததால் அல்ல, கிரியாட்டினின் அதைத் துரத்திப் பிடித்ததால். நீண்ட நேரம் ரத்தம் கிடைக்காத நுண்குழாய்கள் காயப்பட்டுவிட்டன, யூரியாவைத் திருப்பி இழுக்கும் வேலையை அவற்றால் இனிச் செய்ய முடியவில்லை. சிறுநீரகம் தன் வேலையைச் செய்யும்போது விகிதம் உயரும் என்று சொன்னேன் அல்லவா? அந்த வேலை நின்றுபோனதைத்தான் இந்த 76 சொல்கிறது. முதல் கட்டத்தில் தண்ணீரால் ஓரிரு நாளில் சரியாகியிருக்கும். இந்தக் கட்டம் வாரக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். விகிதத்தை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிங்கியில் இன்னும் இரண்டு சிக்கல்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் நாளை ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் ரத்தக்குழாய்கள் கசியும். தண்ணீர் உடம்பை விட்டுப் போவதில்லை. குழாயிலிருந்து நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் போய்த் தேங்குகிறது. சிறுநீரகத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ரத்தம் குறைந்தால் அது யூரியாவைப் பிடித்து வைக்கும். அதனால் விகிதம் உயரும். ஆனால் வாந்தியில் வற்றியவருக்குக் கொடுப்பதைப் போலத் தாராளமாகக் கொட்டினால் அந்தத் தண்ணீரும் கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது சிறுநீரகத் தாள் அல்ல, ரத்த அணுக்களின் தாள். ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு, அவரவர் பழைய அளவிலிருந்து நூற்றுக்கு இருபது பங்கு உயர்ந்தால் கசிவு வலுவாக நடக்கிறது என்று பொருள். இந்த அம்மாவுக்கு 36லிருந்து 39ஆகத்தான் இருந்தது. 43ஐத் தாண்டியிருந்தால் மணிக்கு மணி அளந்து பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பிளேட்லட் எவ்வளவு என்று மட்டுமே கேட்டுக்கொண்டு ஹெமட்டோகிரிட்டை யாரும் கேட்காமல் போவது எனக்கு எப்போதும் கவலை தரும் விஷயம்.

அடுத்தது ரத்தக்கசிவு. யூரியா 12, கிரியாட்டினின் 66, விகிதம் 182. தண்ணீர் ஏற்றியும் யூரியா இறங்கவில்லை. கிரியாட்டினின் அழகாக இறங்கிவிட்டது. ஹெமட்டோகிரிட் உயர வேண்டிய நேரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. இப்படி வந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரைப்பையில் கசியும் ரத்தம் குடலில் செரிமானம் ஆகிறது. ரத்தம் என்பது புரதம், அது யூரியாவாக மாறி வந்து தாளில் நிற்கிறது. மலம் தார் போலக் கறுத்திருக்கிறதா என்று கேட்போம். நோயாளிக்கே தெரியாமல் இருக்கும், அல்லது வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார். வீட்டில் கவனித்தவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆகவே அது சாப்பிடுகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யாருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு இரண்டு எண்களையும் தீர்மானிப்பது எந்திரம், விகிதத்துக்கு அர்த்தமில்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குப் புரதம் சிதைந்து யூரியா தானாகவே கூடும்.

இருதயம் பலவீனமானவர் விஷயம் இதையெல்லாம்விட முக்கியம். கால் வீங்கியிருக்கும், படுத்தால் மூச்சுவிட முடியாது, உடம்பெல்லாம் தண்ணீர். தாளிலோ யூரியா 14, கிரியாட்டினின் 120, விகிதம் 117. வறட்சி போலவே இருக்கும். இருதயம் ரத்தத்தை முன்னே தள்ளாததால் சிறுநீரகத்துக்கு வந்து சேர்வது குறைவு, அதனால் அது வற்றியதாகவே நினைத்து யூரியாவைப் பிடித்து வைக்கிறது. இவருக்கும் இரண்டு நாள் காய்ச்சல் வந்து, வீட்டில் யாரோ ‘யூரியா ஏறியிருக்கு, நிறையத் தண்ணீர் குடிங்க’ என்று சொல்லி, மூன்று லிட்டர் குடித்துவிட்டு அவசரப் பிரிவுக்கு மூச்சுத் திணறலோடு வருவதை நாங்கள் பார்க்கிறோம். இவருக்குப் பல நேரம் கொடுக்க வேண்டியது தண்ணீர் அல்ல, நீர்பிரிய வைக்கும் ஊசி. அதைக் கொடுத்ததும் இருதயத்தின் சுமை இறங்கி, யூரியாவும் கிரியாட்டினினும் இரண்டுமே இறங்குவது உண்டு. இருதய நோயாளி இருக்கும் வீட்டில் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்பு, எடையைப் பார்த்து எழுதி வைத்திருந்தால், காய்ச்சல் நாளில் எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்பதை வைத்தே மருத்துவர் தண்ணீரா, ஊசியா என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார்.